வார்டனுக்கும் சொறி

விடுதிப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவுக்கு மேலே, சரிவில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது எங்கள் பெண்கள் விடுதி. பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்வேன். பள்ளி விட்டதும் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வார்டன். பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் டவுனில் கடை வைத்திருந்தவர்களின் மகள்கள். மற்ற எல்லோரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். நானும் கொத்மலைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் வார்டன் ஆன புதிதில் அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை.

கட்டில் எல்லோருக்கும் கிடையாது. பெரிய பிள்ளைகளுக்குக் கட்டில், சின்னவர்களுக்குப் பாய். ஜூலை மாதத்துக் குளிரும் மழையும் வந்துவிட்டால் ஒரு கம்பளி ஒரு பிள்ளைக்குப் போதாது. இரண்டு பேர் இரண்டு கம்பளியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஒட்டிப் படுப்பார்கள். சில பாய்களில் மூன்று பேர்கூட. நான் அதைத் தடுத்ததே இல்லை. சிறுவயதில் நானும் அப்படித்தான் தூங்கினேன்.

அந்த வருடம் மழை நேரத்தில், மாலைப் படிப்பு வேளையில், புத்தகம் புரட்டும் சத்தத்தோடு சொறியும் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. முதலில் குளிரில் தோல் வறண்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் சிவந்த பருக்கள், மணிக்கட்டில் சொறிந்த காயம். சந்தேகமில்லை, சொறிதான்.

அன்றைக்கே ஓர் அறிவித்தல் எழுதிச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "உடம்பில் அரிப்புள்ள மாணவிகள் உடனே வார்டனிடம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் தனி அறையில் படுக்க வேண்டும். மற்றவர்கள் அவர்களுடைய பொருட்களைத் தொடக்கூடாது. எல்லோரும் சுத்தத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்." இவ்வளவுதான். எழுதி முடித்ததும் ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி இருந்தது.

ஆறு பேர் வந்து சொன்னார்கள். ஆறு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். சாமான் அறையில் இருந்த அரிசி மூட்டைகளை நகர்த்தி அவர்களுக்குப் பாய் போட்டேன். கடையில் கந்தகக் களிம்பு வாங்கி, அரிக்கிற இடத்தில் பூசச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அந்த அறைக்கு 'சொறி ரூம்' என்று பெயர் வந்துவிட்டது. சாப்பாட்டில் அந்த ஆறு பேருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டவுன் பிள்ளை ஒருத்தி, "லயத்துல இருந்து கொண்டுவந்துட்டாங்க" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான் கேட்டும் கேட்காதது போல நடந்து போனேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த நாலு எட்டு நடையை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

மூன்று வாரம் போனது. ஆறு பேருக்கும் குணமாகவில்லை. மற்றவர்கள் மத்தியிலும் சொறியும் சத்தம் குறையவில்லை, கூடியது. ஆனால் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "கொசு கடிச்சிருச்சு டீச்சர்" என்பார்கள். ஹட்டன் குளிரில் கொசு எங்கே இருக்கிறது?

ஒரு வியாழக்கிழமை காலை, சமையல் அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார். எங்கள் விடுதியில் பதினைந்து வருடமாகச் சமைப்பவர், எதற்கும் அவசரப்படாத மனுஷி.

"டீச்சர், அக்கரப்பத்தனைப் புள்ளயக் காணோம். பெட்டியையும் காணோம்."

அக்கரப்பத்தனைத் தோட்டத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளை ஆறு பேரில் ஒருத்தி. பன்னிரண்டு வயது. முதன்முதலில் வந்து தனக்கு அரிப்பு இருப்பதாகச் சொன்னவளே அவள்தான். குடையைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அங்கேதான் இருந்தாள். தலவாக்கலை பஸ் நிற்கும் இடத்தில், தகரப் பெட்டியின் மேலே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழவில்லை. நான் திட்டப் போகிறேன் என்று தயாராக நிற்பது போல இருந்தது.

"எங்க போற?"

"வீட்டுக்குப் போறேங்க."

"யார்கிட்ட கேட்டுட்டுப் போற?"

அவள் பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்தாள். பக்கத்துப் பலகையில் நான் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன். பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி அவளே பேசினாள்.

"நான் தெனமும் குளிக்கிறேங்க டீச்சர். ஐஸ் மாதிரி தண்ணியிலயும் குளிக்கிறேன். உடுப்பையும் தொவைக்கிறேன். நான் அழுக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நான் சொல்லலையே."

"நீங்க நோட்டீஸ்ல எழுதியிருக்கீங்களே. சுத்தமா இருக்கணும்னு. எங்களத் தொடக்கூடாதுன்னு."

வழக்கம்போல என் வலது கை இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கைக்கடிகாரப் பட்டை உறுத்துகிறது என்றும் சாக்பீஸ் பொடி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த தேய்ப்பு அது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒங்களுக்கும் இருக்குங்க," என்றாள்.

நான் கையை மடக்கினேன். அவள் தயங்காமல் என் கையை எடுத்து, விரல்களை விரித்துப் பார்த்தாள். ஒரு தாய் பிள்ளையின் கையைப் பார்ப்பது போல. மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் நாலைந்து பருக்கள் இருந்தன.

"ராத்திரியில கூடுதலா அரிக்குதுங்களா?"

"ஆமா."

"அப்ப அதுதாங்க," என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது.

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அவள் பெட்டியை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்த்த அப்போத்திக்கரி யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். இருவர் கைகளையும் ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தார். என் விரல் இடுக்கில் மயிரிழை போன்ற ஒரு கோட்டைக் காட்டினார். அதன் நுனியில் ஊசியால் மெல்லக் கிளறி, ஊசி முனையில் வெள்ளையாய் ஒட்டியிருந்த ஒரு புள்ளியைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தார். அது அசைந்தது.

"பாத்தீங்களோ? இதுதான் ஆள். தோலுக்குள்ள துளைச்சுக்கொண்டு போய் முட்டை இடும். குளிக்கிறதாலயும் போகாது, குளிக்காததாலயும் வாறதில்ல. ஒட்டிப் படுத்தா வரும். மற்றவையின்ர உடுப்பையும் கம்பளியையும் மாறி மாறிப் பாவிச்சாலும் வரலாம்."

நான் செய்ததையெல்லாம் சொன்னேன். தனி அறை, களிம்பு, அரிக்கிற இடம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரிக்கிறவைக்கு மட்டும் பூசினா என்ன பிரயோசனம்? முதல் தரம் வந்தா அரிப்புத் தொடங்கவே ஒரு மாசம் போகும். அந்த ஒரு மாசமும் அந்தப் பிள்ளை அரிப்பு இல்லாமலே மற்றவைக்குக் குடுத்துக்கொண்டு இருக்கும். விடுதியில இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில பூச வேணும். ஒருத்தரை விட்டாலும் திரும்ப வரும்."

பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளை மருந்தைப் பெரிய போத்தல்களில் தந்தார். எப்படிப் பூசுவது, எத்தனை தரம், பாதித் தண்ணீர் கலப்பது யாருக்கு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். படுக்கையைப் பற்றிக் கேட்டபோது, "காய விடுங்கோ எண்டு சொல்லலாம், உங்கட ஊரில வெயில் எங்க?" என்று சிரித்தார். கொதிக்க வைக்க முடிந்ததைக் கொதிக்க வைக்கவும், முடியாததைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் தேய்க்கவும், அதுவும் முடியாததைச் சாக்கில் கட்டி வைக்கவும் சொன்னார். மனிதத் தோல் இல்லாமல் அந்தப் பூச்சி சில நாட்களில் செத்துவிடுமாம். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும் என்பதால் பத்து நாள் விடச் சொன்னார்.

அன்று மத்தியானம் பழைய அறிவித்தலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அதன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"பிள்ளைகளுக்கு,

எனக்கும் சொறி இருக்கிறது. இன்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். இது அழுக்கால் வருவதில்லை. தோட்டத்திலிருந்து வருவதும் இல்லை, டவுனிலிருந்து வருவதும் இல்லை. ஒரு சின்னப் பூச்சியால் வருகிறது. முன்பு நான் எழுதிய அறிவித்தல் தவறு.

நாளை வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் எல்லோரும் குளித்து, உடம்பை நன்றாகத் துவட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை மருந்து பூச வேண்டும். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூச வேண்டும். விரல் இடுக்கு, நக அடி, அக்குள், தொப்புள், இடுப்பு, மறைவான இடங்கள், எதையும் விடக்கூடாது. அதற்கு முன் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கை கழுவினால் கையில் திரும்பப் பூசுங்கள். சனிக்கிழமை அதே நேரத்தில் குளிக்காமல் இன்னொரு தரம் பூச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் சுடுநீரில் குளிக்கலாம். காயம் உள்ள இடத்தில் எரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரும் ஒரு சோடி உடுப்பை இன்றே கொதிக்க வைத்துக் காயப்போடுங்கள். நாளை மருந்து பூசியபின் அதைத்தான் உடுத்த வேண்டும். மற்ற உடுப்பு, துவாய், தலையணை உறை, படுக்கை விரிப்பு எல்லாம் நாளை காலை பின்வாசலுக்கு வர வேண்டும். கம்பளிகளை நான் வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை குளித்தபின் கழற்றும் உடுப்பையும் கொதிக்க வைப்போம்.

சாமான் அறையில் இனி அரிசி மூட்டை மட்டும் இருக்கும். ஆறு பேரும் தங்கள் இடத்துக்கு வரலாம்.

உங்கள் வார்டன்"

தலைமை ஆசிரியை வந்து படித்தார். கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். "முதல் வரி வேணுமா? வார்டன் இப்படி எழுதினா புள்ளைங்க மதிப்பாங்களா?" என்று கேட்டார். "அந்த வரி இல்லாட்டி யாரும் வரமாட்டாங்க மிஸ்" என்றேன். அவர் இன்னொரு தரம் படித்தார். பிறகு, "'அரிப்பு'ல ஒரு 'ப்' ஒழுங்கா விழல, சரி பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாலைப் படிப்பு தொடங்குமுன் என் அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "எனக்கும் இருக்குங்க டீச்சர்." "எனக்கும்." எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர். 'லயத்துல இருந்து' என்று சொன்ன டவுன் பிள்ளையும் அதில் இருந்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காட்டினாள். எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம். "எத்தன நாளா?" என்றேன். "மொத நோட்டீசுக்கு முந்தியே டீச்சர்" என்றாள்.

சமையல் அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்குத்தான் அரிப்பே இல்லையே. நான் ஏன் பூசிக்கணும்?"

"இன்னும் வரல்லன்னு சொல்லுங்க அக்கா. சின்னதுகள மடியில வச்சுத் தலை சீவுறது யாரு? நீங்கதானே?"

அவர் யோசித்தார். "அப்ப பூசிக்கிட்டு எப்படிச் சமைக்கிறது? சோத்துல நாறும்."

கடைசியில், வெள்ளியும் சனியும் கரண்டியால் மட்டும் வேலை செய்வது, சமையலுக்குக் கை கழுவினால் முடிந்தவுடன் திரும்பக் கையில் பூசிக்கொள்வது என்று உடன்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பின்வாசலில் ஒரு தகரப் பீப்பாயை மூன்று கல்லின் மேல் ஏற்றி, தேயிலை மிலாறைப் போட்டு நெருப்பு மூட்டினோம். கவாத்து வெட்டிய செடியின் காய்ந்த கிளைதான் மிலாறு, நன்றாக எரியும். பெரிய பிள்ளைகள் நாலு பேருக்குப் பள்ளியில் விடுப்பு வாங்கினேன். விரிப்பும் உடுப்பும் துவாயும் கொதித்தன. மழை தூறிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினோம். இரண்டு கரி இஸ்திரிப் பெட்டிகளையும் கொண்டு கம்பளியைத் தேய்த்துத் தேய்த்து, பள்ளி விடுவதற்குள் பதினெட்டுத்தான் முடிந்தது. அவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினேன். மீதிக் கம்பளிகள் சாக்குக்குள் போயின.

பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று நான் கலங்கி நின்றபோது, நோர்வூட் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பழைய பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொதித்துக் காய்ந்த இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் பத்திரிகைகளைப் பரப்பி ஓரத்தைத் தைத்தாள். "இதுல குளிர் ஏறாதுங்க, எங்க அப்பா சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் காலைல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போவாரு" என்றாள். பத்து நாளும் பெரிய பிள்ளைகள் அதைத்தான் போர்த்தினார்கள். புரளும்போதெல்லாம் சரசரக்கும். காலையில் ஒருத்தி இன்னொருத்தியின் போர்வையில் தெரிந்த செய்தியைப் படித்துக் காட்டுவாள்.

மருந்து பூசிய அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. இரண்டிரண்டு பேராக, ஒருத்தி முதுகுக்கு இன்னொருத்தி. கதவுகளை அடைத்து, கணப்பில் நெருப்புப் போட்டு வைத்திருந்தேன். மருந்து பட்டதும் சொறிந்த இடமெல்லாம் எரிந்தது. ஒருத்தி ஒற்றைக் காலில் குதிக்கிறாள், ஒருத்தி கையை உதறுகிறாள், ஒருத்தி வேதப் பாட்டைச் சத்தமாகப் பாடுகிறாள். ஒரு காரமான மணம் அறை முழுவதும். காயக் காய எல்லோருடைய தோலும் வெள்ளை பூத்தது. "சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே" என்று சமையல் அக்கா தன் கையைப் பார்த்துச் சொன்னதும் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

எனக்கு யார் பூசுவது? வார்டனுக்கு முதுகைக் காட்டக் கூச்சம். அக்கரப்பத்தனைப் பிள்ளை பஞ்சை மருந்தில் தோய்த்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"திரும்புங்க டீச்சர்."

திரும்பினேன். ஓர் இடம் விடாமல் பூசினாள். எரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஊதவாங்க?" என்று கேட்டாள். ஊதினாள்.

அடுத்த வாரமும் அரிப்பு நிற்கவில்லை. பிள்ளைகள் பயந்தார்கள், மருந்து வேலை செய்யவில்லை என்றார்கள். டவுன் பிள்ளை யாருக்கும் தெரியாமல் மூன்றாம் தரம் பூசிக்கொண்டு தோல் சிவந்து வந்து நின்றாள். பூச்சி செத்தபிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், புதுப் பரு வருகிறதா என்று மட்டும் பாருங்கள் என்று அப்போத்திக்கரி எனக்குச் சொல்லியிருந்தார். அதை அறிவித்தலில் எழுத நான் மறந்துபோனேன். உடனே கீழே ஒரு வரி சேர்த்தேன். தினமும் மாலையில் கைகளை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். அவர்களும் என் கையைப் பார்ப்பார்கள். புதுப் பருக்கள் யாருக்கும் வரவில்லை.

மாத முடிவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருவது வழக்கம். அந்த முறை அதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் எழுதினேன். வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால், எல்லோரும் ஒன்றாகத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிப் பூசியபிறகே பிள்ளையை அழைத்துப் போங்கள் என்று. அக்கரப்பத்தனையிலிருந்து பதில் வரவில்லை. பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நான் போன தடவ போனப்பவே தம்பிக்கு மேலெல்லாம் பருங்க. எங்க அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அப்பாவும் சுமாராத்தான்" என்றாள். அடுத்த சனிக்கிழமை, அப்போத்திக்கரியிடம் கேட்டு வாங்கிய இரண்டு போத்தல் மருந்தோடு நானும் அவளும் போனோம்.

தலவாக்கலையில் பஸ் மாறி, இறங்கியபின் ஒரு மைல் நடை. அவளுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காம்பரா என்ற அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் என்னை உட்கார வைக்க இடம் தேடித் தடுமாறினார். நான் தரையில் சாக்கின் மேல் உட்கார்ந்தேன்.

"நானும் லயத்துப் பொண்ணுதாங்க. கொத்மலை," என்றேன். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடமும் நான் அதுவரை சொன்னதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "எங்களாலதான் ஒங்களுக்கெல்லாம் வந்துச்சா?"

"யாரால வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதும்மா. டவுன் பிள்ளை ஒருத்திக்கும் ஆரம்பத்துலயிருந்தே இருந்திருக்கு."

அந்தத் தம்பி, பத்து மாதக் குழந்தை, அவர் இடுப்பில் நெளிந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலக்க வேண்டும், தலைக்கும் பூச வேண்டும், கண்ணிலும் வாயிலும் படக்கூடாது, சூப்பாமல் இருக்கக் கையில் துணி சுற்ற வேண்டும் என்று காட்டினேன். பக்கத்துக் காம்பராப் பெண் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டிலும் மூன்று பேருக்கு இருந்தது. பிள்ளை வாசலில் நின்று, யாரிடமும் கேட்காமல், முழு லயத்துக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, வேலையில்ல. டிஸ்பென்சரி ஐயாகிட்ட மருந்து வாங்கிட்டு வந்து எல்லாரும் ஒன்னாப் பூசிக்கணும். அரிக்கலன்னாலும் பூசிக்கணும்." ஒரு கிழவர் தனக்கு வேண்டாம் என்று முணுமுணுத்தார். "அப்ப ஒங்களாலதான் எல்லாருக்கும் திரும்ப வரும் தாத்தா" என்றாள்.

புறப்படும்போது அந்த அம்மா ஒரு பையில் பீர்க்கங்காயும் ஒரு கட்டுக் கீரையும் திணித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "மகள ஏன் டீச்சர் கூட்டிக்கிட்டுப் போறீங்க, இருந்துட்டு வரட்டுமே" என்றும் கேட்டார். "நாளைக்கு எல்லாரும் பூசிக்கங்க. அடுத்த மாசம் நானே அனுப்புறேன்" என்றேன். மகளை அணைக்கக் கை நீட்டியவர், நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டு அவள் தலையில் மட்டும் தடவினார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். எங்களுக்கு ஓர் இருக்கைதான் கிடைத்தது, அவளை ஒட்டி உட்கார வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"டீச்சர், கொத்மலையில ஒங்க லயத்துல எத்தன காம்பராங்க?"

"பன்னெண்டு," என்றேன். "நாங்க கடைசிக் காம்பரா. கூரை ஒழுகும்."

"எங்களதும் ஒழுகுங்க."

அதன்பிறகு தலவாக்கலை வரும்வரை, எந்த மூலையில் எந்தச் சட்டியை வைப்போம் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனோம்.